வருகிறேனும் வர்றேனும்
அரட்டை வரிகளின் மொழிபெயர்ப்பில் பேச்சுத் தமிழ் பெற்ற இடம்

வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியர் தம் நூலை இயற்றினார் என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. எழுதுவோர் மொழி ஒன்று, பேசுவோர் மொழி மற்றொன்று என்பதும், இலக்கணம் இவ்விரண்டையும் கண்ணுற வேண்டும் என்பதும் தமிழுக்குப் புதிய செய்திகள் அல்ல. நன்னூலார் மரூஉவை இயல்பு வழக்கில் அடக்கினார்; ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொற்களுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் இடமளித்தார். சொற்கள் வாயில் தேய்ந்து மாறுவதை இலக்கணிகள் அறியாதவர்களும் அல்லர், வெறுத்தவர்களும் அல்லர்.

ஆயினும், அண்மைக்காலத்தில் பெருகியுள்ள ஒருவகை எழுத்து இப்பழைய வினாவை மிகக் கூர்மையாக நம்முன் நிறுத்தியுள்ளது. கைபேசியில் இருவர் ஒருவருக்கொருவர் தட்டியனுப்பும் அரட்டை வரிகளைப் பிறமொழியிலிருந்து தமிழாக்கும்போது, "வருகிறேன்" என்று எழுதுவதா, "வர்றேன்" என்று எழுதுவதா? இன்றைய சிறுகதைகளிலும் புதினங்களிலும் திரைப்படத் துணையுரைகளிலும் இத்தகைய வரிகள் பக்கம் பக்கமாக வருகின்றன. எனவே மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. பேச்சு வடிவமே பொருத்தம் என்று பலரும் இன்று கொள்கின்றனர். அம்முடிவு எவ்வழியே வந்தது, அம்முடிவிற்குப் பின்னும் தீராமல் எஞ்சுவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்கோட்குறிக்குள் நுழைந்த பேச்சு

பள்ளு, குறவஞ்சி ஆகிய சிற்றிலக்கியங்களில் உழவரும் குறத்தியரும் தத்தம் மொழியில் பேசுவதைக் காண்கிறோம். அங்கே பேச்சுச் சொல் யாப்புக்குள் நின்றது. உரைநடையில் பேச்சுத் தமிழ் தன் முழு ஓசையோடு வெளிப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். பி. ஆர். ராஜமையர் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' இவ்வகையில் கருதத்தக்கது. அதில் கதை கூறும் பகுதி எழுத்துத் தமிழிலும், மாந்தர் உரையாடல் மதுரைப் பக்கத்துப் பிராமணர் வீட்டுப் பேச்சிலும் அமைந்தன.

நாடகத்திலும் இவ்விரு போக்குகளையும் ஒருங்கே காணலாம். 1891ஆம் ஆண்டில் மனோன்மணீயம் அகவலில் எழுந்தது. அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். அச்சபைக்கென முதலியார் உரைநடையில் பல நாடகங்களை எழுதினார். அவருடைய 'சபாபதி' என்னும் நகைச்சுவை நாடகம் 1941இல் திரைப்படமாயிற்று. அவருடைய 'மனோகரா' 1954இல் திரைக்கு வந்தபோதோ, மு. கருணாநிதியின் உரையாடல் அதனை மேடைச் சொற்பொழிவின் கம்பீரத்திற்கு உயர்த்தியது. 1952இல் 'பராசக்தி' பெற்ற வெற்றி இப்போக்கிற்கு வலுவூட்டியிருந்தது. 1959இல் ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' வெளிவந்தபோது, வீட்டிற்குள் பேசுவதுபோலவே திரையிலும் பேசலாம் என்பது நிலைபெறலாயிற்று. இதற்கிடையே புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைச் சிறுகதைக்குள் கொணர்ந்தார். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கைக் கதைசொல்லியின் வாயிலேயே வைத்தார்.

இவ்வரலாற்றில் கூர்ந்து நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. கி. ரா. போன்ற ஓரிருவரை விலக்கினால், ஏனையோர் படைப்புகளில் பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழாகிய சட்டத்திற்குள் பதிக்கப்பட்ட ஓவியமாகவே இருந்தது. "என்று அவன் சொன்னான்" என்னும் எழுத்து வழக்குத் தொடர் அதனைத் தாங்கி நின்றது. மேற்கோட்குறி ஒரு வேலிபோலப் பயன்பட்டது. பேசுபவர் யார், எவ்வூரினர், எவ்வயதினர் என்பவற்றையெல்லாம் வேலிக்கு வெளியே நின்ற எழுத்துத் தமிழ் வாசகர்க்கு அறிவித்துவிட்டது. அரட்டை வரிக்கு அத்தகைய சட்டமும் இல்லை, வேலியும் இல்லை. பெயர், நேரம், வரி, அவ்வளவே. கதைசொல்லி செய்துவந்த பணி முழுவதையும் அவ்வரியின் வினைமுற்றும் விளியும் செய்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

கைபேசியும் எழுத்தும்

அரட்டையில் தமிழ் வந்த வரலாறும் இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு காரணமாகும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது அமைப்பைத் தந்தது. எனினும், சாதாரண மக்கள் கைபேசியில் தமிழ் எழுத்தைத் தட்டுவது எளிதாகப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அவர்கள் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழைத் தட்டினர்.

குறுஞ்செய்தியின் அளவும் இதற்கு ஒரு காரணம். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தாயின் 160 குறிகள் அடங்கும். தமிழ் எழுத்தாயின் 70 குறிகளே அடங்கும். அகரம் ஏறிய உயிர்மெய் ஒழிந்த பிற உயிர்மெய்யும், புள்ளி பெற்ற மெய்யும் கணினிக் கணக்கில் இவ்விரண்டு குறிகளாகும். "வந்துகொண்டிருக்கிறேன்" என்னும் ஒரு சொல் 21 குறிகளை விழுங்கும். மூன்று முறை எழுதினால் செய்தி ஏறத்தாழ நிரம்பிவிடும். "வந்துட்டிருக்கேன்" என்பதற்கு 17 போதும். "வர்றேன்" ஏழில் முடிந்துவிடும்.

இக்கணக்கினும் முதன்மையானது வேறொன்று. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவர்கள் பெரும்பாலும் பேசுவதுபோலவே தட்டினர். அவ்வெழுத்தில் தமிழ் எழுத எந்த ஆசிரியரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. ஆகவே திருத்துவோரும் இல்லை. பின்னர்த் தமிழ் எழுத்து கைபேசிக்கு வந்ததும், அதே கை தயங்கலாயிற்று. தமிழ் எழுத்தை நாம் கற்றது வகுப்பறையில். அவ்வெழுத்தைக் கண்டவுடன் "இருக்கிறேன்" என்னும் முழுவடிவமே விரலுக்கு வருகிறது. வரிவடிவம் மொழிநடையைத் தன்பால் இழுக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பலர் தம் வாயால் ஒருபோதும் சொல்லாத வரிகளை அரட்டையில் எழுதிவிடுவதற்கு இவ்விழுப்பே காரணம். அதனை அறியாமை என்று கொள்ளுதல் பொருந்தாது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். எளிய தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு. "நான் இப்போது வருகிறேன்" என்பது எளிய தொடர், குழந்தைக்கும் விளங்கும். ஆயினும் எந்தக் குழந்தையும் அவ்வாறு பேசுவதில்லை. கடினச் சொற்களை நீக்கிவிட்டால் வரி பேச்சாகிவிடும் என்று எண்ணுதல் தவறு. பேச்சை ஆக்குவது விகுதியும், தொகையும், இடைச்சொல்லுமே அன்றிச் சொல்லின் எளிமை அன்று.

ஓர் உரையாடல்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆங்கிலக் கதையொன்றில் உடன்பிறந்தார் இருவர் பேசிக்கொள்ளும் அரட்டைப் பகுதி இருப்பதாகக் கொள்வோம். தாய் மருத்துவமனையில் இருக்கிறார். மகள் அருகில் இருக்கிறாள், மகன் வந்துகொண்டிருக்கிறான்.

முதல் வரி, "வேர் ஆர் யூ?" என்பது. பாடநூல் தமிழில் "நீ எங்கே இருக்கிறாய்?" என்றாகும். பேச்சில் "எங்க இருக்க?" என்பதே போதும். 'நீ' என்னும் எழுவாய் வேண்டா. வினைமுற்று அதனைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் எழுவாயைப் பெரும்பாலும் விட இயலாது. தமிழில் விடாதிருந்தால் அதட்டலாக ஒலிக்கும். "நீ எங்க இருக்க?" என்பதில் சினம் ஏறிவிடுவதைக் காதால் உணரலாம். இவ்வரியை எழுதுமுன் மூத்தவர் யார் என்பதை முடிவு செய்தாக வேண்டும். மூலம் அதனைச் சொல்லாமல் விட்டிருக்கக் கூடும். அவள் அக்காவாயின் "எங்கடா இருக்க?" எனலாம். தங்கையாயின் "எங்கண்ணா இருக்க?" என்றோ, மரியாதைப் பன்மை வழங்கும் வீடாயின் "எங்கண்ணா இருக்கீங்க?" என்றோ ஆகும்.

மறுமொழி, "ஆன் மை வே" என்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நான் என் வழியில் இருக்கிறேன்" என்று பொருளற்ற தத்துவமாகிவிடும். தமிழன் சொல்வது "வந்துட்டே இருக்கேன்" என்பதுதான். இங்கே 'கொண்டு' என்னும் துணைவினை தேய்ந்துள்ளது. அத்தேய்வும் ஒருபடித்தானதன்று. 'வந்துட்டு', 'வந்துக்கிட்டு', 'வந்துண்டு' என மூன்று வடிவங்கள் தமிழ்நாட்டில் வழங்குகின்றன. முதல் இரண்டும் பரவலானவை. மூன்றாவது பிராமணர் பேச்சுக்குரியதாக உடனே அடையாளம் காணப்படும். ஓர் இடைநிலைச் சொல் குடும்பத்தையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மூன்றாம் வரியில் தாய் அவனைத் தேடுவதாகச் சகோதரி எழுதுகிறாள். எழுத்துத் தமிழில் "அம்மா உன்னைக் கேட்கிறார்" என்று ஒரே வடிவத்தில் நின்றுவிடலாம். பேச்சில் "கேக்கறாங்க" என்றால் மரியாதை வழங்கும் வீடு. "கேக்கறா" என்றால் அன்பின் உரிமையில் ஒருமை வழங்கும் வீடு. "கேக்குது" என்றால் அஃறிணை விகுதியே பாசத்தைச் சுமக்கும் வீடு. மூன்றும் உண்மையானவை. மூலத்தில் இல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தே தீர வேண்டிய இடம் இது. தேர்ந்தபின் கதை முடியும்வரை அவ்வீட்டின் வழக்கை மாற்றுதல் ஆகாது.

நான்காம் வரி, மறுநாள் வீடு திரும்பலாம் என்று மருத்துவர் கூறியதைச் செவிலியர்வழி கேட்டறிந்து சொல்வது. "நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னு டாக்டர் சொன்னாராம்" என்பது அதன் தமிழ். 'என்று' என்பது 'னு' ஆகிவிட்டது. 'ஆம்' என்னும் இடைச்சொல், தான் நேரில் கேட்கவில்லை என்பதை ஈரெழுத்தில் தெரிவித்துவிட்டது. ஆங்கிலம் ஒரு தனிச்சொல்லால் கூறுவதைத் தமிழ் விகுதியால் கூறுகிறது. 'டாக்டர்' என்னும் இடத்தில் 'மருத்துவர்' என்றிட்டால் தொடர் உடைந்துவிடும். 'போலாம்னு' என்பதற்கு அருகில் அச்சொல் நிற்காது.

இறுதி வரி ஒற்றைச் சொல். மேலும் தாமதமாகும் என்று அவன் எழுத, அவள் "ஃபைன்" என்று மட்டும் விடையிறுக்கிறாள். 'நன்று' என்று பெயர்த்தால் கதையே மாறிவிடும். "சரி" எனலாம். இன்னும் நுட்பமாகச் சொல்ல விரும்பினால், தமிழுக்கே உரிய ஒரு வழி உண்டு. அதுவரை "டா" போட்டுப் பேசிய அக்கா திடீரென "சரிங்க. தங்கள் விருப்பம்." என்று எழுதினால், அச்சினத்தின் கூர்மையை எத்தமிழரும் உணர்வர். நெருங்கியவரிடம் எழுத்துத் தமிழுக்கு மாறுதல் விலகலின் அடையாளம். இதனைக் கவிஞர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். எல்லா வரிகளையும் பாடநூல் தமிழில் எழுதிவிட்ட மொழிபெயர்ப்பாளரிடம் இந்தக் கருவி இல்லை. விலகுவதற்கு முன் நெருங்கியிருக்க வேண்டுமன்றோ?

எழுத்துக்கூட்டலின் எல்லை

பேச்சைத் தேர்ந்தபின் எழும் அடுத்த வினா, அதனை எவ்வாறு எழுத்தாக்குவது என்பது. எழுத்துத் தமிழுக்கு உள்ளதுபோல் பேச்சுத் தமிழுக்கு அனைவரும் ஒப்பிய எழுத்துக்கூட்டல் இல்லை. ஹெரால்டு ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணத்தில், வட்டார அடையாளங்கள் குறைந்த பொதுப் பேச்சுத் தமிழ் ஒன்று உருவாகியிருப்பதாகக் கொண்டு விதிகளை வகுத்தார். அவர் காட்டும் பொதுப்பேச்சு கல்வியறிவு பெற்ற, பிராமணர் அல்லாத நகரத்தார் பேச்சை ஒட்டியது.

ஒலியை அப்படியே எழுதுவதும் தீங்காகும். 'இடம்' என்பதை 'எடம்' என்றும், 'உடம்பு' என்பதை 'ஒடம்பு' என்றும் பலர் ஒலிக்கின்றனர். ஆயினும் இவற்றை அவ்வாறே எழுதினால், படிப்போர் கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கும். பேசுபவர் கல்லாதவர் என்ற தவறான எண்ணமும் எழும். கற்றாரும் அவ்வாறே ஒலிக்கின்றனர் என்பது எழுத்தில் தெரியாது. ஆகவே, சொல்லின் முதனிலையை எழுத்து வழக்கில் விட்டுவிட்டு, விகுதியையும் துணைவினையையும் மட்டும் பேச்சு வடிவில் எழுதுதல் பயன்தரும் நெறியாகும். 'உடம்பு சரியில்ல' என்றாலே பேச்சு வந்துவிடும், 'ஒடம்பு' வேண்டியதில்லை.

விகுதியிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பேச்சில் சொல்லிறுதி ளகரமும் லகரமும் வீழும். னகரம் மூக்கொலியாகக் கரையும். 'வந்தாள்', 'வந்தால்', 'வந்தான்' என்னும் மூன்றையும் ஒலித்தவாறே எழுதப் புகுந்தால் மூன்றும் 'வந்தா' என்றே ஆகிவிடும். காதுக்கு னகரத்தின் மூக்கொலி கேட்கும். கண்ணுக்கு அது தெரியாது. எனவே 'வந்தான்' என்பதன் னகரத்தை எழுத்தில் காத்தல் வேண்டும். எஞ்சிய இரண்டும் தொடரால் விளங்கும்: "அவ வந்தா" என்று முடிந்தால் அவள் வந்துவிட்டாள், "அவ வந்தா சொல்லு" என்றால் அவள் இனிமேல்தான் வர வேண்டும். இரண்டும் மயங்கும் இடத்தில் "வந்துட்டா", "வந்தான்னா" என்று வினையை மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் கருதுவர். அதிலும் 'வந்தான்னா' என்பது ஆண்பாலாகிவிடும். 'வந்தாள்னா' என்று ளகரத்தை மீட்டெழுதுவதே தெளிவு தரும்.

மொழிபெயர்ப்பில் மிகுதியாகக் காணும் குற்றம் முழுப் பாடநூல் தமிழன்று, கலப்பே ஆகும். "நான் சீக்கிரமா வருகிறேன்", "என்ன பண்றாய்?" என்னும் வரிகளில் ஒரு கால் வீட்டிலும் ஒரு கால் வகுப்பறையிலும் நிற்கிறது. இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. வரியை மற்றொருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்க. எழுதியதை விட்டு அவர் நா தானாக எவ்விடத்தில் வேறு வடிவத்திற்கு மாறுகிறதோ, அவ்விடத்தில் குற்றம் உள்ளது.

எவர் பேச்சு?

இனி எஞ்சும் வினாவே கடினமானது. எழுத்துத் தமிழ் சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் கோலாலம்பூருக்கும் பொதுவானது. பேச்சைத் தேர்ந்தவுடன் அப்பொதுமை குலைகிறது. "எங்க இருக்க?" என்று சென்னைக்காரர் எழுதும் இடத்தில் யாழ்ப்பாணத்தார் "எங்க நிக்கிறாய்?" என்பர், "வந்துட்டே இருக்கேன்" என்பதற்கு "வந்துகொண்டிருக்கிறன்" என்பர். சென்னைச் செவிக்குப் பாடநூலாக ஒலிக்கும் 'கொண்டு' என்னும் துணைவினையும், முன்னிலை 'ஆய்' விகுதியும் அங்கே உயிருள்ள பேச்சு. சற்றுமுன் குற்றம் என்று காட்டிய 'ஆய்' மற்றொரு நிலத்தில் குற்றமன்று. பேச்சு, எழுத்து என்னும் கோடு எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தரப் பரிந்துரைத்தபோதும், எப்பேச்சு என்னும் வினா உடன்வந்தது.

ஆகவே, எல்லார்க்கும் பொதுவான அரட்டைத் தமிழ் ஒன்றை ஆக்கிவிடலாம் என்னும் எண்ணத்தைக் காட்டிலும், கதைமாந்தர்க்கு ஓர் ஊரைக் கொடுத்துவிடுதல் நேர்மையான வழியாகும். மூலம் பிறநாட்டுக் கதையாயின், வட்டார முத்திரை மிகுந்த சொற்களைத் தவிர்த்து, விகுதியளவில் பேச்சைக் காத்தால் போதும். இலண்டனில் வாழும் ஆங்கிலேயர் இருவர் மதுரைக்காரர்போல் "என்னலே" என்றோ "ஏலே மக்கா" என்றோ அரட்டையடித்தால் நகைப்புக்கிடமாகும்; மதுரையும் நெல்லையும் குமரியும் அங்கே குழம்பிவிடும் என்பது வேறு.

எழுத்துத் தமிழுக்கும் அரட்டைத் திரையில் உரிய இடம் உண்டு. "செய்தி அனுப்பப்பட்டது", "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்பன போன்ற அறிவிப்புகளை எவரும் பேசுவதில்லை; அவை எழுத்து வழக்கிலேயே நிற்க வேண்டும். நாடக ஏட்டில் அரங்கக் குறிப்பு எழுத்துத் தமிழிலும் மாந்தர் கூற்று பேச்சிலும் இருந்ததுபோல், இத்திரையிலும் கருவியின் குரல் எழுத்தாகவும் மனிதர் குரல் பேச்சாகவும் அமைதல் பொருந்தும். 1893இல் ராஜமையர் வகுத்துக்கொண்ட கோடு மறைந்துவிடவில்லை. மேற்கோட்குறியிலிருந்து நகர்ந்து, இரண்டு குரல்களுக்கு இடையே வந்து நிற்கிறது. "அம்மா உன்னைக் கேக்கறாங்க" என்னும் வரி அக்கோட்டின் எப்பக்கத்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.